விலை பார்கோடில் இல்லை

திருமங்கலத்தில் என் சித்தப்பா வைத்திருக்கும் மளிகைக்கடைக்கு ஸ்கேனரும் பில் பிரிண்டரும் வாங்கக் கிளம்பியபோது, நான் அவரிடம் கேட்டது பணம் அல்ல, ஒரு மஞ்சள் பை. கடையில் இருக்கிற சரக்கிலேயே படிக்கச் சிரமமானதாகப் பத்து உருப்படி எடுத்து அதில் போட்டுக்கொண்டேன். எண்ணெய்ப் பாக்கெட், தயிர்ப் பாக்கெட், சின்னப் பெருங்காய டப்பா, வளைந்த பாட்டிலில் வினிகர், உள்ளூர்க்காரர் அடைத்து விற்கும் அப்பளக்கட்டு, சுருங்கிப்போன உறைக்குள் ஊதுபத்தி. பிஸ்கட் பாக்கெட் எடுக்கவில்லை. வெள்ளை அட்டையில் கறுப்பாக அச்சான பார்கோடை எந்த ஸ்கேனரும் படித்துவிடும். கடைக்காரர் நமக்குக் காட்டுவதும் எப்போதும் அதைத்தான்.

“எதுக்குப்பா இதெல்லாம்? பெட்டியில போட்டுக் குடுக்கறத வாங்கிட்டு வர வேண்டியதுதானே” என்றார் சித்தப்பா. மதுரையில் அந்தக் கடையின் மேஜையில் எண்ணெய்ப் பாக்கெட்டை வைத்து, முதலில் காட்டிய ஸ்கேனரை ஏழெட்டு முறை அழுத்தியும் ‘பீப்’ வராதபோது அவருக்கே புரிந்துவிட்டது.

முதலில் காட்டியது லேசர் வகை. மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று பார்கோடின் குறுக்கே ஓடும். கறுப்புப் பட்டையில் ஒளி அடங்கும், வெள்ளை இடைவெளியில் திரும்பி வரும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அது எண்ணாக மாற்றுகிறது. ஆகவே கோடு பார்கோடை முழுக்க, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடக்க வேண்டும். எண்ணெய்ப் பாக்கெட் கசங்கி நடுவில் ஒரு மடிப்பு விழுந்தாலோ, பளபளப்பு உறையில் கடையின் எல்.ஈ.டி. வெளிச்சம் பட்டுத் தெறித்தாலோ கணக்குத் தவறிவிடும். ஒளி சிவப்பு என்பதால் சிவப்பு மையில் அச்சடித்த பட்டைகள் அதற்கு வெள்ளையாகவே தெரியும். உள்ளூர் அப்பளக்கட்டில் அந்தச் சங்கடம் இருந்தது. போதாததற்கு, லேசர் வகைக்குள் ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. கல்லாவிலிருந்து இரண்டு முறை சிமெண்டுத் தரையில் விழுந்தால் அதன் ஆட்டம் முடிந்துவிடலாம்.

இரண்டாவதாகக் காட்டியது ‘2டி’ என்று கடைக்காரர்கள் சொல்லும் வகை. அதற்குள் இருப்பது ஒரு சின்னக் கேமரா. பார்கோடை முழுப்படமாக எடுத்து, அதற்குள் பட்டைகளைத் தேடும். எப்படித் திருப்பிப் பிடித்தாலும் படிக்கும், மேல் பாதி கிழிந்திருந்தால் கீழ்ப் பாதியை வைத்துச் சமாளிக்கும், கியூ.ஆர். கோடும் போன் திரையும் அதற்குத் தெரியும். எங்கள் பத்து உருப்படியில் ஒன்பதைப் படித்தது. அப்பளக்கட்டை அதுவும் கைவிட்டது. விலை வித்தியாசம் ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். மளிகைக்கடையில் பாலிதீன் பாக்கெட்தான் பாதிச் சரக்கு என்பதால் அந்த ஆயிரத்தைக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. மருந்துக்கடைக்கு யோசனையே வேண்டாம்: 2023 ஆகஸ்டு முதல் 300 மருந்து வகைகளின் உறையில் பார்கோடோ கியூ.ஆர். கோடோ கட்டாயமாகிவிட்டது, அந்தச் சதுரத்தை லேசர் படிக்காது. புத்தகக்கடை, நோட்டு பேனா விற்கிற கடை என்றால் சாதா வகையே போதும்.

ஒயர் இல்லாத ஸ்கேனரைச் சித்தப்பா ஆசையாகப் பார்த்தார். அரிசி மூட்டையை அடுக்கிய இடத்திலேயே போய் ஸ்கேன் செய்யலாம், உண்மைதான். ஆனால் ராத்திரி சார்ஜில் போட மறந்தால் காலை ஏழு மணிக்குப் பால் வாங்க வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒயர் வைத்ததையே வாங்கினோம்.

கடைக்கு வந்து ஒயரை யு.எஸ்.பி. துளையில் சொருகினேன். சி.டி. போடவில்லை, எதையும் நிறுவவில்லை. நோட்பேடைத் திறந்து வைத்து, ஒரு பாக்கெட்டின் மேல் விசையை அழுத்தினேன். திரையில் இப்படி வந்தது (எண் மாதிரிக்குத்தான்):

```
8901234567890
```

வந்ததும் கர்சர் தானாகவே அடுத்த வரிக்கு இறங்கி நின்றது. சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். “நம்பர் வந்துருச்சு. விலை எங்கப்பா?”

விலை பார்கோடில் இல்லை. பொருளின் பெயரும் இல்லை. அதில் இருப்பது 13 இலக்கம் மட்டுமே. முதல் மூன்று இலக்கம் 890 என்றால், அந்த எண் ‘ஜி.எஸ்.1 இந்தியா’ என்ற அமைப்பு வழியாகக் கொடுக்கப்பட்டது என்று அர்த்தம். பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்பதற்கு அது சாட்சி அல்ல. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. இடமிருந்து முதல் பன்னிரண்டு இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்றாக 1 ஆலும் 3 ஆலும் பெருக்கிக் கூட்டினால், மேலே உள்ள எண்ணுக்கு 130 வரும். அதை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதுதான் கடைசி இலக்கம். 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு, ஆகவே 0. ஸ்கேனர் ஒரு இலக்கத்தைத் தப்பாகப் படித்தால் இந்தக் கணக்கு இடிக்கும், அது ‘பீப்’ சொல்லாமல் இருந்துவிடும். ஸ்கேனர் தப்பான பொருளைப் பில்லில் ஏற்றுவது அபூர்வமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பெயரும் விலையும் பில்லிங் மென்பொருளின் பட்டியலில் இருக்க வேண்டும். யாராவது உட்கார்ந்து ஏற்ற வேண்டும். சித்தப்பா மகள் லீவில் வந்தபோது எக்செல்லில் எண்ணூறு பொருளுக்கு ஏற்றினாள். அந்த எண்ணூறும் ஒருநாள் வீணாகப் போனது. 13 இலக்க எண்ணை எக்செல் சாதாரணக் கட்டத்தில் `8.90123E+12` என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் சுருங்கியதுதான் சேமிப்பாகும், பாதிப் பொருளுக்கு ஒரே எண் வந்து நிற்கும். ஏற்றத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை ‘Text’ என்று மாற்றிவிட்டால் இந்த வம்பு இல்லை. பாவம், அவள் இரண்டாம் முறையும் உட்கார்ந்தாள்.

நோட்பேடில் நடந்ததை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஸ்கேனர் எண்ணை ‘டைப்’ செய்தது, கடைசியில் என்டர் தட்டியது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது இன்னொரு கீபோர்டு, அவ்வளவுதான். ஸ்கேனர் செய்யும் எல்லாச் சேட்டைக்கும் விளக்கம் இந்த ஒன்றில் கிடைத்துவிடும்.

கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கீபோர்டு எழுதும். முதல் வாரத்தில் ஒருநாள் சித்தப்பா பதறிப்போய் போன் செய்தார். பத்து ரூபாய் பிஸ்கட்டுக்கு 89 லட்சம் கோடி ரூபாய் பில் வந்திருந்தது. கர்சர் ‘அளவு’ கட்டத்தில் நின்றிருக்கும்போது அடுத்த பொருளை ஸ்கேன் செய்துவிட்டார். “நாட்டோட கடனையே அடைச்சுரலாம் போலருக்கே” என்று அந்தப் பையன் சிரித்திருக்கிறான். அளவுக்கு மூன்று இலக்கத்துக்கு மேல் ஏற்காதபடி மென்பொருளில் கட்டு வைத்துக் கொடுத்தேன்.

இன்னொரு நாள் எண்ணுக்குப் பதிலாக இப்படி வந்தது:

```
*()!@#$%^&*()
```

மேலே உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 8-க்கு நட்சத்திரம், 9-க்கு அடைப்புக்குறி. கீபோர்டில் ஷிப்டை அழுத்திக்கொண்டு அதே எண்களைத் தட்டினால் வருவதுதான். ஸ்கேனரோடு வந்த கையேட்டில் அமைப்புகளை மாற்றுவதற்கென்றே பார்கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். கடைப்பையன் விளையாட்டாக ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து பார்த்ததில் அது பிரெஞ்சு கீபோர்டாக மாறிவிட்டிருந்தது. பிரெஞ்சு கீபோர்டில் எண் அடிக்க ஷிப்ட் வேண்டும். அதே கையேட்டின் முதல் பக்கத்தில் ‘Factory default’ என்று இருக்கும் பார்கோடை ஒருமுறை ஸ்கேன் செய்ததும் பழையபடி ஆகிவிட்டது. அந்தக் கையேட்டைத் தூக்கி எறியாதீர்கள், பையன் கைக்கும் எட்ட விடாதீர்கள். என்டர் தட்டாமல் போனாலும், கம்ப்யூட்டரில் எழுத்தே வராமல் வெறும் ‘பீப்’ மட்டும் கேட்டாலும் மருந்து அதில்தான் இருக்கிறது.

கடையிலேயே கட்டுகிற துவரம்பருப்பு, சீரகத்துக்கு நாமே எண் கொடுத்து லேபிள் ஒட்டலாம். அதற்கு எழுத்தைச் சேர்க்காதீர்கள். `RICE25` என்று வைத்து, கம்ப்யூட்டரில் தமிழ்க் கீபோர்டு ஓடிக்கொண்டிருந்தால், ஸ்கேனர் தட்டும் ஆர், ஐ எல்லாம் தமிழ் எழுத்தாகத் திரையில் விழும். வெறும் எண்ணாக, 20 முதல் 29-க்குள் தொடங்கும் எண்ணாக வையுங்கள். அந்த வரிசை கடைகளின் சொந்த உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டது, எந்தக் கம்பெனிப் பொருளோடும் மோதாது.

மோதல் வருவது வேறு இடத்தில். ஒரே சோப்பு, ஒரே பார்கோடு. பழைய சரக்கில் எம்.ஆர்.பி. 40, புதுச் சரக்கில் 43. ஸ்கேனருக்கு இரண்டும் ஒன்றுதான். மென்பொருள் வாங்கும்போது, ஒரே எண்ணுக்கு இரண்டு எம்.ஆர்.பி. இருந்தால் எது என்று கேட்டு நிற்குமா என்று காட்டச் சொல்லுங்கள். கேட்காத மென்பொருள் 40 அச்சிட்ட சோப்பை 43-க்குப் போடும். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றதாக வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தால் ஸ்கேனரைக் கைகாட்ட முடியாது.

இனி பிரிண்டர். பில் பிரிண்டரில் மை கிடையாது, ரிப்பன் கிடையாது. காகிதத்தின் ஒரு பக்கத்தில் சூடு பட்டால் கறுக்கும் பூச்சு இருக்கும். பிரிண்டரின் தலையில் ஒரு மில்லிமீட்டருக்கு எட்டு வீதம் வரிசையாக நிற்கும் பொடிச் சூட்டுப் புள்ளிகள் அதைச் சுட்டு எழுதும். ரோலைத் திருப்பிப் போட்டால் வெள்ளைத்தாள் ஓடிவரும். எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுகிற பக்கம்தான் எழுதும் பக்கம். சூட்டில் பிறந்த எழுத்து சூட்டிலேயே போகவும் செய்யும். வெயில் படுகிற ஜன்னலோரத்தில் ஆணியில் குத்தி வைத்த பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். கணக்குக்கு வேண்டியதைக் கம்ப்யூட்டரில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைத்தெருவில் இரண்டு அளவு சொல்வார்கள்: ‘ரெண்டு இஞ்ச்’, ‘மூணு இஞ்ச்’. முதலாவதில் காகிதம் 58 மில்லிமீட்டர், எழுத்து விழும் அகலம் 48. இரண்டாவதில் காகிதம் 80, எழுத்து 72. ஆங்கிலத்தில் முறையே வரிக்கு 32 எழுத்தும் 48 எழுத்தும் பிடிக்கும். தமிழ் எழுத்து அகலமானது. இரண்டு இஞ்சில் கண்ணுக்குத் தெரிகிற அளவில் பதினாறு, பதினெட்டு எழுத்துக்கு மேல் நிற்காது. ‘துவரம்பருப்பு 1 கிலோ’ என்று எழுதியதும் வரி தீர்ந்துவிடும். அளவும் விலையும் தொகையும் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

சித்தப்பா கடையில் மாதச் சாமான் பட்டியல் முப்பது உருப்படி சர்வசாதாரணம். தமிழில் ஒரு வரிக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் என்று வைத்தால், இரண்டு இஞ்சில் முப்பது உருப்படிக்கு அறுபது வரி, அதாவது 300 மில்லிமீட்டர். கடைப் பெயர், ஜி.எஸ்.டி. எண், மொத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு 80. பில் 38 சென்டிமீட்டர் நீளம். 25 மீட்டர் ரோலில் 65 பில்தான் வரும். மூன்று இஞ்சில் முப்பது வரியில் முடிந்து 23 சென்டிமீட்டர் ஆகும், 50 மீட்டர் ரோலில் 217 பில். டீக்கடைக்கும் பேக்கரிக்கும் இரண்டு இஞ்ச் கச்சிதம். மளிகைக்கு மூன்றுதான். தானாக வெட்டும் கத்தியும் பெரும்பாலும் மூன்று இஞ்சில்தான் இருக்கும்.

தமிழில் பில் வேண்டும் என்பது சித்தப்பாவின் பிடிவாதம். முதல் பில் இப்படி வந்தது: மேலே கடைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி, கீழே எண்கள் மட்டும் சுத்தமாக. “பிரிண்டருக்குத் தமிழ் தெரியாதாம்ல” என்று விற்றவர் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் சொன்னது பாதி உண்மை.

பில் பிரிண்டருக்கு இரண்டு விதமாக வேலை கொடுக்கலாம். ஒன்று, எழுத்துகளை எழுத்தாகவே அனுப்புவது; பிரிண்டர் தனக்குள் இருக்கும் அச்செழுத்தை எடுத்துப் போடும். எப்ஸான் நிறுவனம் வகுத்த ‘எஸ்க்-பாஸ்’ கட்டளை முறையைத்தான் பெரும்பாலான பிரிண்டர்கள் பின்பற்றுகின்றன. வேகம் அபாரம். ஆனால் சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான பிரிண்டர்களுக்குள் தமிழ் அச்செழுத்து இல்லை, இருந்தாலும் போதாது. ‘கொ’ என்று எழுத, ககரத்துக்கு இடப்பக்கம் ஒற்றைக்கொம்பும் வலப்பக்கம் காலும் போட வேண்டும். இந்த அடுக்கும் வேலை பிரிண்டருக்குத் தெரியாது. இன்னொரு வழி, கம்ப்யூட்டரே பில்லைப் படமாக வரைந்து புள்ளி புள்ளியாக அனுப்புவது. விண்டோஸில் பிரிண்டரோடு வரும் டிரைவரை நிறுவி, பில்லிங் மென்பொருள் அந்த டிரைவர் வழியாக ‘நிர்மலா’ போன்ற யூனிகோட் எழுத்துருவில் அச்சடித்தால், தமிழோ சீனமோ பிரிண்டருக்கு எல்லாம் வெறும் புள்ளிதான். கொஞ்சம் மெதுவாக வரும். சித்தப்பா வாங்கிய மென்பொருளில் ‘டெக்ஸ்ட்’ என்றிருந்த அமைப்பை ‘கிராபிக்ஸ்’ என்று மாற்றியதும் கடைப் பெயர் தமிழில் இறங்கியது. ஆகவே தமிழ் பில் வேண்டுமென்றால் பிரிண்டர்க்காரரைக் கேட்டுப் பயனில்லை. மென்பொருள்காரரை உங்கள் கடைப் பெயரை அடித்து, அந்தப் பிரிண்டரிலேயே ஒரு பில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

படமாக அச்சடிக்கும்போது ஒரு சின்னத் தொல்லை: டிரைவரில் காகித நீளம் ஏ4 போல 297 மில்லிமீட்டர் என்று நின்றுவிட்டால், இரண்டு பொருள் பில்லுக்கும் முழங்கை நீளத்துக்கு வெள்ளைக் காகிதம் ஓடும். ரோல் காகித அளவைத் தேர்ந்தெடுத்தால் நிற்கும்.

இணைப்புக்கு வருவோம். பிரிண்டரின் முதுகில் துளைகள் பல இருக்கும். கம்ப்யூட்டர் ஒன்று, கல்லா ஒன்று என்றால் சதுரமான யு.எஸ்.பி. துளை போதும். போனிலிருந்து பில் போடுகிறவர்களுக்கு புளூடூத். இரண்டு மூன்று கவுண்ட்டர்கள் ஒரே பிரிண்டரைப் பங்கிட்டுக்கொள்வதென்றால் லேன் ஒயர். யு.எஸ்.பி. ஒயர் செய்தியைத்தான் கொண்டுபோகும். சூட்டுக்கு வேண்டிய மின்சாரம் தனி அடாப்டரிலிருந்து வரும். எனவே கம்ப்யூட்டருக்கு மட்டும் யு.பி.எஸ். வைத்துவிட்டுப் பிரிண்டரைச் சுவர் பிளக்கில் விட்டால், கரண்ட் போன நேரத்தில் திரை எரியும், பில் வராது. முதுகில் டெலிபோன் துளை மாதிரி ஒன்று ‘DK’ என்ற குறியோடு இருக்கும். அது கல்லாப்பெட்டிக்கு. பில் முடிந்ததும் பிரிண்டரே அந்த ஒயரில் ஒரு மின்துடிப்பை அனுப்பிப் பெட்டியைத் திறக்கும். பார்வைக்கு ஒத்திருக்கிறதே என்று டெலிபோன் ஒயரை அதில் சொருகிவிடக் கூடாது.

பில் வரவில்லை என்றால் குறை யாரிடம் என்று பிரித்துப் பார்ப்பதும் எளிது. பிரிண்டரை அணைத்து, காகிதம் தள்ளும் ‘FEED’ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மறுபடி போடுங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் தன் ஜாதகத்தைத் தானே அச்சடித்துக் கொடுக்கும். அது வந்தால் தலை, காகிதம், அடாப்டர் எல்லாம் நலம். கோளாறு ஒயரிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு சித்தப்பாவின் பிரிண்டர் நின்றுபோனது அப்படித்தான். ஜாதகம் வந்தது, பில் வரவில்லை. நான் கம்ப்யூட்டரில் பிரிண்டர் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதே பெயரில் இரண்டு நின்றன. ஒன்று மங்கலாக, இன்னொன்றின் வாலில் `(Copy 1)` என்று. காலையில் தரையைக் கூட்டிய அம்மா ஒயரைக் கழற்றி, திரும்ப மாட்டும்போது பக்கத்துத் துளையில் மாட்டியிருக்கிறார். பழைய துளையை `USB001` என்று பெயர் வைத்திருந்த விண்டோஸ், புதிய துளைக்கு `USB002` என்று கொடுத்து, புதுப் பிரிண்டர் வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டது. பில்லிங் மென்பொருளோ ஆளில்லாத பழைய பெயருக்கே பில்லை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒயரைப் பழைய துளைக்கு மாற்றியதும், அதுவரை தேங்கியிருந்த பதினேழு பில்லும் ஒன்றன்பின் ஒன்றாக மடமடவென்று இறங்கின. சித்தி உள்ளேயிருந்து நெயில் பாலிஷ் எடுத்து வந்து அந்தத் துளையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டார். ஒயரின் முனையிலும் ஒரு பொட்டு.